நாலு வினாடி

போன ஆடியில் என் வீடியோ ஒன்றால் வந்த வில்லங்கத்தைப் பற்றி அப்போது நான் இங்கே எதுவும் எழுதவில்லை. பலர் உள்பெட்டியில் கேட்டீர்கள். "முடியட்டும், சொல்கிறேன்" என்றேன். முடிந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. போன வாரம் ஒரு மாணவி (இப்போது அவளும் டீச்சர்) தன் பள்ளி விழா வீடியோ ஒன்றுக்கு இதே போலக் கடிதம் வந்திருக்கிறது, என்ன செய்வது என்று அழாத குறையாகப் போன் செய்தாள். அவளுக்குச் சொன்னதை எல்லோருக்கும் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலத்துக்காரர்களுக்கு வண்டி வேடிக்கை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காக: ஆடித் திருவிழாவில் குகையிலும் எங்கள் செவ்வாய்ப்பேட்டையிலும் வேண்டுதல் உள்ளவர்கள் சாமி வேடம் போட்டு, ஜோடித்த வண்டிகளில் புராணக் காட்சியாக நின்று ராத்திரி ஊர்வலம் வருவார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது மாட்டு வண்டி. இப்போது மோட்டார் வண்டியும் ஜெனரேட்டரும் வந்துவிட்டன. ஓய்வு பெற்ற பிறகு நம்ம ஊர்த் தெருக்களைப் பற்றி யூடியூபில் வீடியோ போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். 2025 ஆடியில் வண்டி வேடிக்கையை, வேடம் கட்டுவதிலிருந்து விடிகாலையில் அரிதாரம் கலைப்பது வரை எடுத்துப் போட்டேன். நீளம் 11 நிமிடம் 40 வினாடி.

அதில் ஆறாவது நிமிடத்தில் ஒரு காட்சி. அம்மன் வேடம் போட்ட ஒரு பையன், ஊர்வலம் நின்ற இடைவெளியில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிற பையன். ராத்திரி பன்னிரண்டு மணி. முகமெல்லாம் மஞ்சள், கண்ணில் மை, கையில் கண்ணாடி டம்ளர். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான். பிடித்ததால்தான் தப்புப் பண்ணினேன். அந்தக் காட்சியையே முகப்புப் படமாக வைத்து, "அம்மனுக்கு டீ டைம்!" என்று தலைப்புக் கொடுத்தேன். முப்பத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவன். ஒரு ஆச்சரியக்குறி என்ன வேலை செய்யும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போட்டது. புதன்கிழமை சாயங்காலம் யாரோ அந்த டீக்கடைக் காட்சியை மட்டும் 22 வினாடிக்கு வெட்டி, மேலே "நம் தாயைக் கேலி செய்யும் வாத்தியார்" என்று எழுதி வாட்சப்பில் சுற்ற விட்டார்கள். ராத்திரி பத்து மணிக்குள் என் வீடியோவின் கீழே இருநூறு கமெண்ட். எழுதியவர்களில் பாதிப் பேர் முழு வீடியோவையும் பார்க்கவில்லை என்பது எழுதிய விதத்திலேயே தெரிந்தது. பத்தே காலுக்கு ஒரு போன். ஒரு கோயிலின் தலைமைப் பூசாரி சொல்லச் சொன்னதாக யாரோ ஒருவர். "நாளைக்குக் காலையில லெட்டர் வரும் வாத்தியாரே. அதுக்கு மேல ஸ்டேஷன்ல பார்த்துக்கலாம்." எந்தக் கோயில் என்று நான் எழுதப் போவதில்லை, யாரும் ஊகித்துக் கமெண்டில் போடவும் வேண்டாம்.

கை நடுங்கியது. வீட்டுக்காரம்மா, "எடுத்துடுங்க, நமக்கெதுக்கு" என்றாள். Delete பொத்தான் வரைக்கும் போனேன். இவ்வளவு உழைப்பு போய்விடுமே என்று மனசு வராமல், Private என்று மாற்றி வைத்துவிட்டுப் படுத்தேன்.

அதுவே தப்பு என்பது காலையில் தெரிந்தது. "பயந்துபோய் எடுத்துட்டாரு, அப்ப தப்புன்னு தெரிஞ்சேதானே போட்டாரு" என்று எழுதியிருந்தார்கள். அதைவிட மோசம், வாட்சப்பில் 22 வினாடியைப் பார்த்துவிட்டு, முழுசும் எப்படி இருக்கிறது என்று தேடி வந்த நியாயமான ஆட்களுக்கும் அங்கே ஒன்றும் இல்லை. ஊரில் இருந்தது வெட்டின துண்டு மட்டும்தான். என் பக்கத்துச் சாட்சியை நானே பூட்டி வைத்துவிட்டேன்.

எட்டரைக்குக் கடிதம் வந்தது. கோயில் முத்திரை போட்ட தாளில், பூசாரி ஐயாவின் கையெழுத்தோடு. மூன்று கோரிக்கை. வீடியோவை நீக்க வேண்டும். பொதுவில் மன்னிப்புக் கேட்க வேண்டும். வேடம் போட்டவன் யார் என்று தெரிவிக்க வேண்டும்.

முதல் இரண்டும் என் மானம் சம்பந்தப்பட்டவை. மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்கியது. அந்தப் பையனுக்கு மூன்று வருஷ வேண்டுதல். இது இரண்டாவது வருஷம். பெயர் தெரிந்தால் அடுத்த ஆடியில் அவனை வண்டியில் ஏற விட மாட்டார்கள். ஒரு ஆச்சரியக்குறிக்காக ஒருவனுடைய வேண்டுதல் நிற்கப் பார்த்தது.

என் பழைய மாணவன் ஒருவன் இங்கே கோர்ட்டில் வக்கீல். பத்தாம் வகுப்பில் புணர்ச்சி விதியில் என்னைப் படுத்தி எடுத்தவன். கடிதத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போனேன். படித்துவிட்டு, "சார், நேத்து ராத்திரியிலிருந்து எங்கயாவது பதில் எழுதினீங்களா?" என்றுதான் முதலில் கேட்டான். இல்லை என்றேன். "நல்ல வேளை" என்று சொல்லிவிட்டுக் காபி கொண்டுவரச் சொன்னான்.

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மத உணர்வை அவமதிப்பது பற்றிய சட்டப் பிரிவு, இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. மூன்று வருஷம் வரை சிறை உண்டு. பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம், ஜாமீன் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும். கேட்கவே பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பிரிவு "திட்டமிட்டும் தீய எண்ணத்தோடும்" செய்ததைத்தான் தண்டிக்கிறது. 1957லேயே ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. கவனக்குறைவால், தெரியாமல், கெட்ட எண்ணமின்றி நேர்ந்துவிட்ட அவமதிப்பு இந்தப் பிரிவுக்குள் வராது.

"அப்ப எனக்குப் பிரச்சனை இல்லைதானே?" என்றேன்.

"சார், எண்ணத்தை எப்படி சார் நிரூபிப்பாங்க? உங்க மனசைத் திறந்தா பார்க்க முடியும்? வீடியோவை முழுசாப் பார்ப்பாங்க. அப்புறம் புகார் வந்த பிறகு நீங்க என்ன எழுதினீங்க, என்ன பேசினீங்கன்னு பார்ப்பாங்க. நேத்து ராத்திரி ரோஷத்துல 'மூடநம்பிக்கை, போங்கடா'ன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்கன்னு வைங்க. ஞாயித்துக்கிழமை உங்களுக்கு இல்லாத தீய எண்ணத்தை புதன்கிழமை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும்."

எனக்கு உறைத்தது இதுதான். நிதானமாக இரு என்று பெரியவர்கள் சொல்வதை நான் நல்ல பண்பு என்ற கணக்கில்தான் வைத்திருந்தேன். இந்த விஷயத்தில் அது சாட்சிக் கணக்கில் வருகிறது.

பிறகு அவன் ஒரு வழக்கைச் சொன்னான். உங்களில் பலருக்கு அந்தப் பாட்டு நினைவிருக்கும். 2018 பிப்ரவரியில் "ஒரு அடார் லவ்" என்ற மலையாளப் படத்தின் "மாணிக்ய மலராய பூவி" பாட்டு யூடியூபில் வந்தது. பள்ளிக்கூட விழாவில் ஒரு பெண் ஒரு பையனைப் பார்த்துப் புருவம் தூக்கிக் கண்ணடிப்பாள். பிரியா பிரகாஷ் வாரியர், அப்போது 18 வயது. நான்கைந்து நாளில் இந்தியாவே அந்தக் கண்ணடிப்பைப் பார்த்துவிட்டது. பாட்டு புதிதல்ல. பி.எம்.ஏ. ஜப்பார் எழுதி, 1978 முதல் மலபார் முஸ்லிம்கள் பாடிவரும் மாப்பிளைப் பாட்டு. நபிகளுக்கும் கதீஜா அம்மையாருக்கும் இருந்த அன்பைப் போற்றுவது.

ஐதராபாத்தில் சிலர் ஃபலக்நுமா காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். நபிகளைப் போற்றும் பாட்டுக்குக் கண்ணடிக்கும் காட்சியா என்பது அவர்கள் கேள்வி. 295ஏ பிரிவில் வழக்குப் பதிவானது. மும்பையிலிருந்து ரஜா அகாடமி என்ற மத அமைப்பும் எதிர்ப்புத் தெரிவித்தது. இயக்குநர் ஒமர் லுலு என்ன செய்தார் தெரியுமா? பாட்டைத் திரும்பப் பெறுகிறோம் என்று முதலில் அறிவித்தார்கள். கேரளத்தில் ஆதரவு பெருகவே, அன்றைக்கே அந்த முடிவை மாற்றிக்கொண்டார்கள். நான் ராத்திரி Private போட்ட கதைதான், பெரிய அளவில்! கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் பார்க்க வேண்டியது. ஊர் ஊராகப் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிப்ரவரி 21ஆம் தேதி இடைக்காலத் தடை கிடைத்தது. ஆகஸ்ட் 31ஆம் தேதி, தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான அமர்வு வழக்கையே ரத்து செய்தது. ஒரு கண்ணடிப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் அந்தப் பாட்டின் காட்சி மத அவமதிப்பு ஆகிவிடாது, திட்டமிட்ட எண்ணம் எங்கே இருக்கிறது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அதே தீர்ப்பில் தோனி வழக்கும் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. 2013இல் ஒரு ஆங்கில வணிகப் பத்திரிகை அட்டையில் தோனியை விஷ்ணு மாதிரி பல கைகளோடு வரைந்து, கைகளில் விளம்பரப் பொருள்களைக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு கையில் ஷூ. அனந்தப்பூரில் வழக்கு. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீய எண்ணம் இல்லை என்பதே காரணம். அந்த ஷூவைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரெண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது, வருகிறேன்.

வக்கீல் இன்னொன்றும் சொன்னான். "ஜெயிச்சாங்க சார். ஆனா கணக்குப் பாருங்க. அந்தப் பாட்டுக்கு ஆறு மாசம். தோனிக்கு நாலு வருஷம். அதுவும் டெல்லி வரைக்கும் போக வசதி இருந்தவங்க. சட்டம் கடைசியில காப்பாத்தும். ஆரம்பத்துல நாமதான் காப்பாத்திக்கணும்." இப்போது கொஞ்சம் பரவாயில்லை என்றும் சொன்னான். மூன்று வருஷத்துக்குக் குறையாமல், ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்து பார்த்துவிட்டு வழக்குப் பதியலாம் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(3) சொல்கிறது. 2025 மார்ச் 28ஆம் தேதி, இம்ரான் பிரதாப்கடி என்ற எம்.பி. போட்ட 46 வினாடி வீடியோ வழக்கில், பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட புகார்களில் அந்த வழியைப் பயன்படுத்துவதுதான் பொருத்தம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் ஒளியாமல் போக வேண்டும், எழுத்தில் கொடுப்பதன் நகலை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றான். நல்ல வேளையாக எனக்கு அது தேவைப்படவில்லை.

அங்கேயே உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தோம். முதலில் எல்லாவற்றையும் அப்படியே படம் பிடித்து வைத்தோம்: கமெண்ட், வாட்சப் துண்டு, கடிதம், தேதி, நேரம். கமெண்டுகளை Pause என்று வைத்தோம். அப்படிச் செய்தால் பழையது அழியாது, புதியது வராது. தலைப்பை "வண்டி வேடிக்கை: ஒரு ராத்திரி" என்று மாற்றினேன். முகப்புப் படத்தில் வண்டி ஜோடனையை வைத்தேன். வீடியோவை மறுபடி எல்லோரும் பார்க்கும்படி திறந்தோம். சிலர் Unlisted என்று வைக்கச் சொல்வார்கள், இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி. சண்டை நடக்கும்போது அது ஒளித்து வைத்ததாகத்தான் படும்.

பிறகு கீழே நிலையாக நிற்கிற மாதிரி ஒரு குறிப்பு. நான் எழுதிய முதல் வரைவு, "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்" என்று ஆரம்பித்தது. அவன் சிரித்தான். "சார், நிபந்தனை வினையெச்சம் நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. 'இருந்தால்'னா என்ன அர்த்தம்? புண்படலைன்னா மன்னிப்பு வேண்டாம்னுதானே?" என் பாடத்தை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான். புண்பட்டேன் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறார், அப்புறம் என்ன "இருந்தால்"? அந்தப் பக்கமாக, "அம்மனை அவமதித்ததற்கு மன்னிப்பு" என்றும் எழுதக் கூடாது. அது நடக்காத ஒன்றை ஒப்புக்கொள்வது. கடைசியில் போட்டது இது:

"இந்த வீடியோவுக்கு நான் முதலில் வைத்த தலைப்பு விளையாட்டுத்தனமாக இருந்தது. அது என் தவறு, வருந்துகிறேன், மாற்றிவிட்டேன். பெரியவர்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. நேரில் போய்ப் பேச இருக்கிறேன். அதுவரை தயவுசெய்து முழு வீடியோவையும் பாருங்கள். இதில் வருகிறவர்கள் யாரையும் ஏசாதீர்கள்."

அவ்வளவுதான். கடிதம் எழுதியவர் பெயரைப் போடவில்லை. போட்டால் என் பக்கத்து ஆட்கள் அவரை ஏச ஆரம்பித்துவிடுவார்கள். உண்மையில் அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எதிரில் ஏசியவர்களைவிட, எனக்காகச் சண்டை போட வந்த நண்பர்களை நிறுத்துவது. இரண்டு பழைய சகாக்கள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கோழை என்று ஒருவர் எழுதினார். பரவாயில்லை.

சாயங்காலம் அந்தப் பையனைப் பட்டறையில் போய்ப் பார்த்தேன். அவனிடம் கேட்காமல் முகப்பில் போட்டேன் என்பதை முதலில் ஒப்புக்கொண்டேன். அவனுக்கு வாட்சப் துண்டு முதல் நாளே வந்திருந்தது. முகம் வெளிறியிருந்தது. "சார், அடுத்த வருசம் வண்டி ஏற விடுவாங்களா?" என்று மட்டும் கேட்டான். டீக்கடைக் காட்சியை முழுசாக எடுத்துவிடட்டுமா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எடுத்தா நான் தப்புப் பண்ணின மாதிரி ஆயிடாதுங்களா? டீ குடிச்சது தப்புங்களா சார்?" என்றான். பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன்.

பூசாரி ஐயாவுக்குப் போன் செய்தேன். ஆடி வெள்ளி, கூட்டம், சனிக்கிழமை காலை வாங்க என்றார். ஆக, வியாழன் மத்தியானத்திலிருந்து சனி காலை வரை சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதே சுகம் என்பார்கள், எனக்கு அப்படி இல்லை. அந்த நேரத்தில் ஒரு உருப்படியான காரியம் செய்தேன். யூடியூப் Studioவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு வரைபடம் இருக்கிறது, எந்த வினாடியில் ஆட்கள் நிற்கிறார்கள், எதைத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று. புதன்கிழமைக்கு முன்னால் என் வீடியோவில் கோடு சீராக இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு ஆறாவது நிமிடத்தில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு மேடு. வந்தவர்கள் நேராக அங்கே போய், அதை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரும்பாலும் அடங்கிவிடும் கூட்டம் இது என்று கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் கமெண்ட் எழுதும் கூட்டம் வேறு, கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதுகிறவர் வேறு. அவருக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை தனியாகப் போனேன். வக்கீலைக் கூட்டிப் போகவில்லை. அது வேறு மாதிரி பேச்சாகிவிடும். கையில் டேப்லெட் மட்டும். பூசாரி ஐயாவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது அதிகம் இருக்கும். பக்கத்தில் இன்னும் நாலு பேர். "வாங்க வாத்தியாரே" என்றார், மரியாதை குறையவில்லை. "ஐயா, நீங்க முழு வீடியோவும் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். போனில் அனுப்பியதைப் பார்த்தேன் என்றார். முழுசையும் ஒரு தடவை என்னோடு பார்க்க முடியுமா, எந்த இடம் தப்பு என்று நிறுத்திச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்.

பதினோரு நிமிடமும் பார்த்தார். வேடம் கட்டும் முன் கற்பூரம் காட்டும் இடத்தில் கண்ணை மூடிக் கும்பிட்டார். டீக்கடை வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையன் டம்ளரை வைக்கிறான். அப்போது கையைக் காட்டினார். "நிறுத்துங்க. இது."

திரையில் நான் அதுவரை பார்த்தே இராத ஒன்று இருந்தது. எடுத்தவன் நான், வெட்டி ஒட்டியவன் நான், நூறு தடவையாவது பார்த்திருப்பேன். பெஞ்சுக்குக் கீழே, தரையில், அந்தப் பையன் கழற்றி வைத்த கிரீடம். அதை ஒட்டி யாரோ ஒருவருடைய செருப்பு.

"டீ குடிச்சா என்ன வாத்தியாரே, ராத்திரி பூராவும் நிக்கிறான், குடிக்கட்டும். நானே வாங்கிக் கொடுத்திருக்கேன். ஆனா கற்பூரம் காட்டி எடுத்த கிரீடம் அது. செருப்போட செருப்பாக் கிடக்குது. அதை நீங்க ஊருக்கே காட்டுறீங்க."

தோனி கையிலிருந்த ஷூ எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கோர்ட்டுக்குப் போனால் நான் ஜெயித்திருக்கலாம். ஜெயித்திருந்தாலும் அந்தக் கிரீடம் அங்கேயேதான் கிடந்திருக்கும். இருநூறு கமெண்டில் ஒருவர்கூடக் கிரீடத்தைப் பற்றி எழுதவில்லை. எல்லோரும் டீக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடிதத்திலும் அது இல்லை. "அம்மனை இழிவுபடுத்தும் காட்சி" என்று மட்டும் இருந்தது. எந்த வினாடி என்று கேட்காமல் பதில் எழுதியிருந்தால் நான் டீக்குத்தான் பதில் எழுதியிருப்பேன்.

அந்த இடம் எவ்வளவு நேரம் என்று பார்த்தோம். நாலு வினாடி. எடுத்துவிடுகிறேன் என்றேன். "வீடியோவை நீக்கச் சொல்லியிருக்கோம்" என்றார் பக்கத்திலிருந்தவர். பூசாரி ஐயா அவரைப் பார்த்தார். பிறகு, "கற்பூரம் காட்டுறதெல்லாம் நல்லாத்தான் எடுத்திருக்காரு" என்றார். மன்னிப்பு விஷயத்துக்கு நான் போட்ட குறிப்பை வாசித்துக் காட்டினேன். போதும் என்று சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை.

மூன்றாவதை நானே எடுத்தேன். "ஐயா, பையன் பேரை நான் சொல்ல மாட்டேன். அவன் வேண்டுதலுக்கு வேடம் போட்டவன். படம் எடுத்தது நான், போட்டது நான். கோபம் என்னோட முடியட்டும்." கொஞ்சம் நேரம் யாரும் பேசவில்லை. அவருக்கு அந்தப் பையன் யார் என்று ஏற்கெனவே தெரியும் என்றுதான் நினைக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் இதெல்லாம் ஒளித்து வைக்கிற விஷயமா? "அவன்கிட்ட சொல்லுங்க, கிரீடத்தைக் கழட்டினா மடியில வெச்சுக்கணும்" என்றார். அவ்வளவுதான் பதில்.

வீட்டுக்கு வந்து Studioவில் Trim & cut போய் அந்த நாலு வினாடியை வெட்டினேன். இது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வீடியோவை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டியதில்லை. அதே இணைப்பு, அதே கமெண்டுகளோடு, நடுவில் உள்ள துண்டை மட்டும் எடுக்கலாம். ஆனால் சேமித்ததும் உடனே மாறாது. எனக்குச் சில மணி நேரம் ஆனது, அதுவரை பழைய வீடியோதான் ஓடியது. அதனால் வெட்டிவிட்டேன் என்று உடனே போன் செய்து சொல்லாதீர்கள். அவர்கள் திறந்து பார்த்தால் பழையதே இருக்கும், ஏமாற்றினதாக ஆகிவிடும். மறுநாள் காலை சரிபார்த்துவிட்டுத்தான் சொன்னேன். வெட்டாத மூலத்தைத் தனியாகப் பென் டிரைவில் வைத்திருக்கிறேன். நாளைக்கு யாராவது விசாரித்தால், எதை எடுத்தேன் என்று காட்ட அது வேண்டும். கீழே இருந்த குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: பெரியவர்கள் சுட்டிக்காட்டிய நாலு வினாடி நீக்கப்பட்டது என்று. எந்த நாலு வினாடி என்று எழுதவில்லை.

வாட்சப்பில் சுற்றிய 22 வினாடியை நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு முகநூல் பக்கத்தில் அது ஏற்றப்பட்டிருந்தது. என் காட்சி என்று உரிமைப் புகார் கொடுத்து நீக்கச் செய்திருக்கலாம். வக்கீலே வேண்டாம் என்றான். அணைகிற அடுப்பில் ஊதுகிற வேலை அது. பத்துப் பன்னிரண்டு நாளில் அந்தப் பக்கம் வேறு யாரையோ பிடித்துக்கொண்டது.

ஒரு மாதம் கழித்துக் கமெண்டுகளைத் திறந்தேன். பழைய ஏச்சுகளில் பையனைப் பற்றி எழுதியிருந்ததை மட்டும் அழித்தேன். என்னைப் பற்றி எழுதியவை அப்படியே இருக்கின்றன, போய்ப் படித்துக்கொள்ளலாம். சில நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்றில் சந்திப்பிழைகூட இல்லை, நம்ம பள்ளிக்கூடத்துப் பையனாகத்தான் இருக்க வேண்டும்.

கிரீட விஷயத்தைப் பட்டறையில் போய்ச் சொன்னேன். கொலுசுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டு, "அது என் செருப்பு இல்லீங்க சார்" என்றான்.

டீக்கடைக் காட்சி இன்னும் இருக்கிறது. வீடியோவின் நீளம் இப்போது 11 நிமிடம் 36 வினாடி.